பழைய இதழ்ப் பக்கங்களைக் கணினி படிக்கும்போது: நிர்வாகக் குழுவுக்கு ஒரு விளக்கக் குறிப்பு

சங்க இதழின் பழைய பிரதிகளை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் ஓசிஆர் என்ற முறையைப் பக்கம் பக்கமாக ஓட்டி, தேடக்கூடிய பிடிஎஃப் கோப்புகளாக மாற்றும் வேலை குழுவின் ஒப்புதலுக்கு வருகிறது. "எல்லாவற்றையும் டைப் அடித்துக் கொடுத்துவிடுமா?" என்பதுதான் முதலில் எழும் கேள்வி. கொடுக்காது. பக்கத்தின் படம் படமாகவே இருக்கும். அதற்குப் பின்னால், கணினி தான் படித்ததாக நினைக்கும் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்காக வைக்கும். வாசகர் பார்ப்பது பழைய பக்கத்தை; தேடல் துழாவுவது அந்த மறைந்த அடுக்கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இதன் பயனும் எல்லையும் புரிந்துவிடும்.

ஓர் இதழுக்கு ஓடவிருக்கும் கட்டளை இது:

```
ocrmypdf -l tam+eng --rotate-pages --deskew \
  --sidecar 1964-03.txt 1964-03.pdf 1964-03-ocr.pdf
```

தலைகீழாகவோ பக்கவாட்டிலோ கிடக்கும் பக்கத்தை இது நிமிர்த்தும், சாய்வைச் சரிசெய்யும். பிறகு டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பக்கத்தைப் பத்தி, வரி என்று பிரித்து ஒவ்வொரு வரியையும் படிக்கும். படித்ததன் நகல் ஒரு `.txt` கோப்பாகத் தனியே கிடைக்கும். மூலக் கோப்பைத் தொடாமல் புதிய பெயரில் எழுதுவதால், முடிவு பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

முடிவின் தரம் பெரும்பாலும் ஸ்கேனிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தமிழில் இது புள்ளியைப் பொறுத்த விஷயம். அச்சில் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் சுமார் 6 பிக்சல் அகலம் பெறும். 150 என்றால் 3 பிக்சல்தான். அந்த 3 பிக்சலை மங்கிய தாளும் ஜேபெக் சுருக்கமும் தின்றுவிட, 'க்' என்பது 'க' ஆகிவிடும். மெல்லிய தாளில் பின்பக்க மை ஊடுருவித் தெரிந்தால் இதற்கு நேர்மாறு: இல்லாத இடத்தில் புள்ளி முளைக்கும். அதனால் 300-க்குக் குறையாமல், கறுப்பு வெள்ளையில் அல்லாமல் சாம்பல் நிறப் படிநிலையில் ஸ்கேன் செய்ய வேண்டும். பொடி எழுத்துக்கு 400 நல்லது. ஊடுருவும் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

பைண்டு செய்த தொகுதிகளில் வேறொரு சிக்கல் உண்டு. நடுமடிப்பை நெருங்கும்போது வரிகள் வளையும். `--deskew` நேர்கோட்டுச் சாய்வைத்தான் திருத்தும். வளைவை அதனால் நிமிர்த்த முடியாது. வரியின் ஒரு முனையில் மட்டும் பிழை குவிந்திருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பக்கத்தைக் கண்ணாடி வைத்து அழுத்தி மறுபடி ஸ்கேன் செய்வதே மருந்து.

இனி, நல்ல ஸ்கேனிலும் நடக்கும் பிழைகள். பல எழுத்துருக்களில் துணைக்காலும் 'ர'வும் ஏறக்குறைய ஒரே வடிவம். 'கால்' என்பதைக் 'கரல்' என்று படிப்பது ஆண்டாண்டாக வரும் பிழை. கொம்பின் சுழியில் மை அடைத்துக்கொண்டால் 'கொ'வும் 'கோ'வும் இடம் மாறும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது 1978-க்கு முந்தைய எழுத்து. அந்த ஆண்டு தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த சீர்திருத்தம்வரை ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை தூக்கிய வடிவில் அச்சாயின. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஆகியவையும் வேறாக இருந்தன. மொத்தம் 13 எழுத்துகள். அச்சகங்கள் ஈய எழுத்துகளை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. எனவே 1980-களின் தொடக்க இதழ்களிலும் இவை தென்படலாம். இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு பழக்கப்பட்ட ஓசிஆர், இவற்றைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு வடிவத்தோடு பொருத்திவிடும். 'லை'யும் 'னா'வும் வராத தமிழ்ப் பத்தி ஏது? ஆகவே பழைய இதழ்களில் பிழை கூடும். டெசராக்டுக்கு இவற்றைக் கற்பிக்க வழி உண்டு: வரிப் படங்களையும் அவற்றுக்குரிய சரியான பாடத்தையும் இணையிணையாகக் கொடுத்துப் பழக்கலாம். அது தனி வேலை, தனிச் செலவு. இந்தத் திட்டத்தில் இல்லை.

"98 விழுக்காடு சரி" என்று யாராவது சொன்னால் அது எழுத்துக் கணக்கு. 8 எழுத்துள்ள ஒரு பெயரில் எட்டும் சரியாக இருந்தால்தான் தேடலில் சிக்கும். 0.98-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.85, அதாவது நூற்றில் 15 இடங்களில் அந்தப் பெயர் கிடைக்காது. எழுத்துத் துல்லியம் 95 என்றால் 0.66தான், மூன்றில் ஒன்று தப்பிவிடும். பிழைகள் மோசமான பக்கங்களில் குவிவதால் உண்மைக் கணக்கு சற்று மாறும், ஆனாலும் திசை இதுதான். தேடலில் வரவில்லை என்பதை வைத்து "அந்த ஆண்டு அவர் எழுதவே இல்லை" என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

இரண்டு பத்திப் பக்கங்களையும் கவனிக்க வேண்டும். பத்திகளுக்கு இடையிலான வெள்ளை இடைவெளியை வைத்தே மென்பொருள் அவற்றைப் பிரிக்கிறது. இடைவெளி குறுகினால் இடப்பத்தியின் முதல் வரியோடு வலப்பத்தியின் முதல் வரி ஒட்டிக்கொள்ளும். அப்போதும் தனிச் சொல்லைத் தேடினால் கிடைக்கும், தொடரைத் தேடினால் கிடைக்காது. `.txt` கோப்பைத் திறந்து நான்கு வரி படித்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். வரவு செலவு அட்டவணைகளையோ கேட்கவே வேண்டாம். எண்கள் வரும், எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்பது வராது.

கணினியிலேயே வடிவமைத்த பிற்கால இதழ்கள் எளிது என்று தோன்றும். அங்கேயும் ஒரு பொறி உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தயாரித்த பிடிஎஃபில், திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். பக்கத்தில் ஏற்கெனவே பாடம் இருப்பதைக் கண்டு மேலே உள்ள கட்டளை பிழைச் செய்தியோடு நின்றுவிடும். `--skip-text` கொடுத்தால் பக்கத்தைத் தாண்டிச் சென்று குப்பைப் பாடத்தை அப்படியே விட்டுவிடும். இவற்றுக்கு `--force-ocr` கொடுத்துப் பக்கத்தைப் படமாக்கி மறுபடி படிக்க வைக்க வேண்டும். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் எந்த வகை என்று உடனே தெரியும்.

முழு வேலைக்கு முன் ஒவ்வொரு பத்தாண்டிலிருந்தும் இரண்டு பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்து, ஓசிஆர் முடிவோடு ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. எந்தப் பத்தாண்டுக்கு மெய்ப்பு பார்க்க ஆள் தேவை என்பதை அந்த ஒப்பீடு சொல்லும். மெய்ப்புத் திருத்தம் மனித வேலை. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில்கூட ஓசிஆர் எடுத்த பக்கத்தை ஒருவர் திருத்தி, இன்னொருவர் சரிபார்த்த பிறகே பக்கம் பச்சை நிறத்துக்கு மாறுகிறது.

எந்தக் கட்டுரையை வெளியிட உரிமை உண்டு என்பதும் மென்பொருளுக்குத் தெரியாது. இந்தியாவில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கிறது. இதழ் சங்கத்துடையது என்பதாலேயே கட்டுரையின் உரிமையும் சங்கத்துடையதாகிவிடாது.

கடைசியாக, பழைய உறுப்பினர் பட்டியல்கள். அலமாரியில் கிடந்தவரை யாரும் புரட்டாத வீட்டு முகவரிகளும் தொலைபேசி எண்களும், ஓசிஆர் ஆனதும் ஒரு தேடலில் கிடைக்கும். அந்தப் பக்கங்களைப் பொதுப் பிரதியிலிருந்து நீக்குவதா, மறைப்பதா என்று குழு முடிவுசெய்ய வேண்டும். மறைப்பதானால், முடிந்த பிடிஎஃபின் மேல் கறுப்புப் பட்டை வரைவது போதாது. பட்டைக்கு அடியில் மறைந்த அடுக்கு அப்படியே இருக்கும், முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் முகவரி வந்து விழும். ஓசிஆர் ஓட்டுவதற்கு முன்பே ஸ்கேன் படத்தில் அந்த இடத்தை அழித்துவிட வேண்டும்.