சங்கீதக் கதிரை வேண்டாம், ஒரு பெட்சீற் போதும்

தொழில்வழிச் சிகிச்சையாளரான என்னிடம் இந்தத் தவணையில் இப்படி வந்த நாலாவது பிள்ளை இது. மட்டக்களப்பில் ஒரு பாடசாலை, தரம் 2. விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகை என்று வகுப்புக்குள் சங்கீதக் கதிரை நடத்தியிருக்கிறார்கள். பாட்டு நின்றதும் எல்லோரும் கத்திக்கொண்டு பாய, ஓட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையன் மேசைக்குக் கீழே போய்க் கையைக் கடித்துக்கொண்டான். அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டான்.

ரீச்சர் என்னிடம் கேட்டது வழக்கமான கேள்விதான்: "சத்தத்துக்குப் பழகத்தானே வேணும்?"

இல்லை ரீச்சர். தொழில்வழிச் சிகிச்சையில் இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது. எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத சத்தத்தில் பிள்ளையைத் திரும்பத் திரும்ப நிறுத்தினால் பழக்கம் வராது, பயம்தான் கூடும். சத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, வேண்டாம் என்றால் விலகவும் வழி இருந்தால்தான் பிள்ளை மெல்ல மெல்லத் தாங்கப் பழகும். அவன் அடம்பிடிக்கவில்லை. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போகவும் இல்லை. அம்மா கண்டிப்பாக வளர்த்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். சங்கீதக் கதிரையில் திடீரென்று நிற்பதுதான் விளையாட்டே. அந்தப் பிள்ளைக்கு அதைவிடக் கஷ்டமானது எதுவுமில்லை.

நாங்கள் மாற்றிக் கொடுத்தது இது. ஒரு பழைய பெட்சீற், சுற்றி எட்டுப் பிள்ளைகள், நடுவில் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து. ரீச்சர் விரலால் மூன்று, இரண்டு, ஒன்று காட்ட, எல்லோரும் மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். பந்து விழாமல் பார்ப்பது எல்லோருடைய வேலை, யாரும் வெளியேறுவதில்லை. சுவரில் ஐந்து அட்டைகள். ஒரு தடவை தூக்கி இறக்கியதும் ஒன்றைக் கழற்றுவார்கள். விளையாட்டு எப்போது முடியும் என்பது அவன் கண்ணுக்கே தெரியும். வெற்றிக்குக் கைதட்டல் இல்லை, கையை உயர்த்தி ஆட்டுவார்கள்.

முதல் வாரம் அவன் பெட்சீற்றைத் தொடவில்லை, அட்டை கழற்றும் வேலையை மட்டும் செய்தான். அதுவும் சேர்ந்து விளையாடுவதுதான். அவசரப்பட்டு "நீயும் பிடி" என்று இழுத்திருந்தால் அன்றோடு போயிருக்கும். மூன்றாவது வாரம் தானாக ஒரு மூலையைப் பிடித்தான். அதற்குப் பிறகுதான் மாற்றம் ஒன்றைச் சேர்த்தோம்: பந்து இரண்டு. அதையும் காலையிலேயே படம் வரைந்து காட்டினோம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதற்கு மேல் வேண்டாம்.

காதைப் பொத்துவது, ஒரே மாதிரி முனகுவது, சந்தோஷமில்லாத ஒரு சிரிப்பு, இவை தெரிந்தால் அழுகை வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வகுப்பின் மூலையில் பாயைப் போட்டு வைத்து, கேட்காமலே அங்கே போகலாம் என்று முதலே சொல்லிவையுங்கள். அதைத் தண்டனை மூலையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். வகுப்பில் அடங்கியிருந்து வீட்டில் போய் வெடிக்கும் பிள்ளைகளும் உண்டு, ஆகவே இரவு எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள்.

அப்புறம், துணிப்பந்துக்குப் பதிலாகப் பலூன் போடலாமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாது.