வயது பூஜ்ஜியமாக இருக்கும்போது மருந்து என்ன செய்யும்?

"இடைவினையைச் சேர்த்ததும் மருந்தின் விளைவு காணாமல் போய்விட்டது, மேடம். குறியும் மாறிவிட்டது. மருந்து ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது என்று எழுதுவதா, ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுவதா?" ஆய்வேடு சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு முதுகலை மருத்துவ மாணவர் இப்படிக் கேட்டார். புள்ளியியல் ஆலோசகராக இந்தக் கேள்வியை வெவ்வேறு ஆட்களிடமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். மருந்து என்ற இடத்தில் சில சமயம் பயிற்சி வரும், சில சமயம் ஆண்–பெண் வேறுபாடு வரும். குழப்பம் மட்டும் மாறாது.

அவருடைய தரவை இங்கே போட முடியாது. அதே சாயலில் எண்களை நானே அமைத்துக்கொண்டு விளக்குகிறேன். 280 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் புதிய மருந்து, பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. வயது 35 முதல் 75 வரை, சராசரி 55. பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த சிஸ்டாலிக் ரத்த அழுத்தம்தான் விளைவு மாறி. மருந்து என்பது இருநிலை மாறி: புதிய மருந்து என்றால் 1, வழக்கமான சிகிச்சை என்றால் 0. வயது தொடர் மாறி. உடல் எடையும் மாதிரியில் இருக்கிறது. கீழே `age:drug` என்று வருவதுதான் இடைவினை: மருந்தின் விளைவு வயதுக்கு வயது மாற இடம் தரும் உறுப்பு.

```r
m1 <- lm(sbp ~ age * drug + weight, data = d)
```

```
            Estimate   Std. Error
age           0.50        0.08
drug          9.00        6.17
weight        0.25        0.05
age:drug     -0.30        0.11
```

`drug` வரியைப் பாருங்கள். +9, பி-மதிப்பு 0.15 பக்கம். மாணவர் படித்தது இந்த வரியைத்தான். இடைவினை இல்லாத மாதிரியில் இதே வரி −7.5 என்று காட்டியது. அப்போது அது மருந்தின் விளைவாகத்தான் இருந்தது. பெயர் அதே பெயர், வரி அதே வரி. ஆனால் `age:drug` உள்ளே வந்ததும் அதன் பொருள் மாறிவிடுகிறது.

ஏன் என்று சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் தெரியும். ஒரே எடையும் ஒரே வயதும் உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மருந்துக் குழு, இன்னொருவர் வழக்கமான குழு. இருவருக்கும் மாதிரி கணிக்கும் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
9.00 - 0.30 * age
```

இதில் 9 மட்டும் தனியாக நிற்க வேண்டுமானால் வயது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். அதாவது `drug` வரி சொல்வது பிறந்த குழந்தைக்கு இந்த மருந்து எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதை. தரவில் 35 வயதுக்குக் கீழே ஒரு ஆள்கூடக் கிடையாது! 35-இல் முடியும் கோட்டை ஸ்கேல் வைத்துப் பூஜ்ஜியம் வரை பின்னால் இழுத்துச் சென்று, அங்கே இரண்டு குழுக்களுக்கும் உள்ள இடைவெளியை அளந்திருக்கிறோம். 6.17 என்ற பெரிய திட்டப்பிழைக்கும் காரணம் அதுதான். நீளமான கம்பை நடுவில் பிடித்தால் பிடித்த இடம் அசையாது, நுனி ஆடும். 55 வயது பிடித்த இடம் என்றால், பூஜ்ஜியம் எங்கோ தள்ளி ஆடிக்கொண்டிருக்கும் நுனி.

சரி, பூஜ்ஜியத்தை நமக்குத் தேவையான இடத்துக்கு நகர்த்திவிட்டால் என்ன?

```r
d$age55 <- d$age - 55
m2 <- lm(sbp ~ age55 * drug + weight, data = d)
```

இப்போது `drug` கெழு −7.5 ஆகிவிடும் (9 − 0.30 × 55), திட்டப்பிழை 1.2. 55 வயதுக்காரருக்கு மருந்து ஏழரை மில்லிமீட்டர் குறைக்கிறது என்று அர்த்தம். `age`, `weight`, இடைவினை ஆகிய கெழுக்கள் இம்மி நகராது. ஒவ்வொரு நோயாளிக்கும் மாதிரி கணிக்கும் அழுத்தமும் அப்படியே இருக்கும். ஒரே மாதிரிதான், அளவுகோலின் தொடக்கப்புள்ளியை மட்டும் மாற்றினோம். குறி மாறியது, பி-மதிப்பு மாறியது என்று பதறுகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இந்த ஒரு வேலைதான்.

ஆனால் 55-இல் உள்ள விளைவை மட்டும் சொல்லி நிறுத்தினால் இடைவினையைச் சேர்த்ததற்கே பொருள் இல்லை. வயதுக்கு வயது மாறுகிறது என்பதுதானே கண்டுபிடிப்பு. ஆகவே தரவு நன்றாக இருக்கும் மூன்று நான்கு வயதுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் வித்தியாசத்தையும் 95% நம்பக இடைவெளியையும் சொல்ல வேண்டும். இந்த எண்களில் 40 வயதில் −3 (−7 முதல் +1 வரை), 55-இல் −7.5 (−9.9 முதல் −5.1 வரை), 70-இல் −12 (−16 முதல் −8 வரை).

இந்த இடைவெளிகளைக் கணக்கிடும் இடத்தில்தான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். வித்தியாசத்தை 9 − 0.30 × வயது என்று கையால் போடலாம், சிக்கல் இல்லை. திட்டப்பிழையை மட்டும் அட்டவணையில் உள்ள இரண்டு திட்டப்பிழைகளைக் கொண்டு போட முடியாது. `drug`, `age:drug` இரண்டு கெழுக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அந்த உடன்மாறுபாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்:

```
SE^2 = Var(drug) + age^2 * Var(age:drug)
       + 2 * age * Cov(drug, age:drug)
```

கடைசி உறுப்பை விட்டுவிட்டு 55 வயதுக்குப் போட்டால் திட்டப்பிழை 8.6 என்று வரும். சரியான விடை 1.2. ஏழு மடங்குத் தவறு! தெளிவாகத் தெரிந்த ஒரு விளைவை நாமே மங்கலாக்கி, "புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை" என்று எழுதிவிடுவோம். `vcov(m1)` அந்த உடன்மாறுபாட்டைத் தரும். சூத்திரம் பிடிக்காதவர்களுக்கு எளிய வழி இருக்கிறது: வயதிலிருந்து 40-ஐக் கழித்து ஒருமுறை, 70-ஐக் கழித்து ஒருமுறை மாதிரியை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் `drug` வரிக்கு `confint` தரும் இடைவெளியே நமக்கு வேண்டியது. நானும் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன், கையால் போட்டுத் தவறுவதை விட இது மேல்.

எந்த வயதிலிருந்து நம்பக இடைவெளி பூஜ்ஜியத்தைத் தாண்டி விலகுகிறது என்றும் கண்டுபிடிக்கலாம். 1936-இல் ஜான்சனும் நேமனும் கொடுத்த முறை இது. நம் எண்களில் அந்த எல்லை ஏறக்குறைய 42 வயது. மாணவர் உடனே, "அப்படியானால் 42-க்குக் கீழே மருந்து வேலை செய்யாது, இல்லையா மேடம்?" என்றார். இல்லை. 40 வயதுக்கான இடைவெளியில் −7-உம் இருக்கிறதே! அந்த வயதில் ஆட்கள் குறைவு, நம்பக இடைவெளி அகலம், அதனால் பூஜ்ஜியத்தை விலக்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்னும் இருநூறு பேரைச் சேர்த்தால் அந்த 42 நகர்ந்துவிடும். நோயாளியின் உடலில் அப்படி ஒரு எல்லைக்கோடு எதுவும் கிடையாது.

−0.30 என்ற எண்ணை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்கலாம். வழக்கமான சிகிச்சையில் இருப்பவர்களில், வயது ஒரு வருடம் கூடினால் அழுத்தம் 0.50 கூடுகிறது, மருந்துக் குழுவில் 0.20 மட்டுமே. `age` வரியில் உள்ள 0.50 எல்லாருக்குமான வயது விளைவு அல்ல, 0 என்று குறித்த குழுவுக்கு மட்டும் உரியது. 0, 1 இரண்டையும் மாற்றிப் போட்டால் அதே வரி 0.20 என்று காட்டும். சில மென்பொருள்கள் இருநிலை மாறியைத் தாமாகவே −1, +1 என்று குறித்துக்கொள்ளும். அப்போது `age` வரியில் இரண்டின் நடுவான 0.35 வரும், இடைவினைக் கெழு பாதியாகி −0.15 ஆகிவிடும். ஆகவே அடுத்தவர் அட்டவணை கைக்கு வந்தால், எதை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு எண்ணையும் நான் விளக்குவதில்லை. இரண்டு வாசிப்பும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் குலுக்கிப் பிரித்தது மருந்தை, வயதை அல்ல. வயது கூடியவர்களுக்கு மருந்து அதிகம் குறைக்கிறது என்று சொல்லலாம். அதற்குக் காரணம் வயதேதான் என்று சொல்ல இந்த ஆய்வு போதாது.

குலுக்கல் இல்லாத தரவு என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. மருந்து எடுத்தவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள், எடுக்காதவர்கள் நாற்பதுகளில் என்று வையுங்கள். வயதுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாமல் மேலே போகப்போகச் செங்குத்தாகும் வளைகோடாக இருந்தால், ஒரு குழு வளைவின் தட்டையான பகுதியையும் இன்னொன்று செங்குத்தான பகுதியையும் பார்க்கும். சாய்வுகள் வேறுபடும், இடைவினை "முக்கியம்" என்று வரும். மருந்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. இரண்டு குழுக்களையும் இரண்டு நிறத்தில் வயதுக்கு எதிரே புள்ளிகளாகப் போட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம் `I(age^2)` ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள். இடைவினை கரைந்துபோனால், நாம் பார்த்தது அநேகமாக வளைவைத்தான். இரு குழுக்களின் வயதும் ஒன்றன் மேல் ஒன்று படியவே இல்லை என்றால், வளைவா இடைவினையா என்று அந்தத் தரவால் பிரித்துச் சொல்லவே முடியாது.

அந்த மாணவரின் ஆய்வேட்டுக்குக் கடைசியாக வந்த ஆட்சேபம் வேறு. ஒரு மாறி மற்ற மாறிகளோடு எவ்வளவு பின்னிக் கிடக்கிறது என்று காட்டும் எண் வி.ஐ.எஃப். `drug` மாறிக்கு அது பத்துக்கு மேல் இருக்கிறது, இடைவினையை நீக்கிவிடுங்கள் என்று ஒரு தேர்வாளர் குறிப்பு எழுதியிருந்தார். நம் எண்களில் அது 26 வரும். `m2`-இல் போட்டால் ஒன்றுக்கு மிக அருகே வந்து நிற்கும். இரண்டு மாதிரியிலும் இடைவினைக் கெழு −0.30, திட்டப்பிழை 0.11, கணிப்புகளும் அதே. 26 என்ற எண் அளந்தது, 55-இலிருந்து பூஜ்ஜியம் எவ்வளவு தூரம் என்பதைத்தான். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறாத வரிகளை அடிக்கோடிட்டுப் பதிலாக அனுப்பச் சொன்னேன். இடைவினை ஆய்வேட்டில் அப்படியே இருக்கிறது.