கொலோனோஸ்கோபியின் கடைசி மூன்று நிமிடங்கள்

இரண்டு நோயாளிகள். இருவருக்கும் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. முதலாமவருக்கு 8 நிமிடத்தில் முடிந்தது, இரண்டாமவருக்கு 24 நிமிடம் ஆனது. இருவருக்கும் வலியின் உச்சம் பத்துக்கு 8. ஆனால் முதலாமவருக்குக் கருவியை எடுக்கும்போது வலி 7 இருந்தது, இரண்டாமவருக்கு 1 ஆகக் குறைந்திருந்தது. பிறகு கேட்டால், "ரொம்பக் கஷ்டமாக இருந்தது" என்று சொல்பவர் யார்? முதலாமவர்தான். மொத்தத்தில் அவர் பட்ட வலி மிகவும் குறைவு என்பது அவர் நினைவுக்கு எட்டவில்லை.

டொரொண்டோ மருத்துவர் டொனால்ட் ரெடல்மியரும் உளவியலாளர் டேனியல் கானமனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் வருபவர்கள் இவர்கள். 154 நோயாளிகளிடம் நிமிடத்துக்கு ஒருமுறை வலியைக் கேட்டுக் குறித்தார்கள். மிகக் குறுகிய பரிசோதனை 4 நிமிடம், மிக நீண்டது 69 நிமிடம். முடிந்தபின் நோயாளிகள் தந்த மதிப்பெண்ணுக்கும் பரிசோதனை நீடித்த நேரத்துக்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. உச்ச வலி, முடிவில் இருந்த வலி, இவ்விரண்டின் சராசரியை ஒட்டியே அந்த மதிப்பெண் இருந்தது. இதைத்தான் உச்ச–முடிவு விதி என்கிறோம்.

இந்த வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அடுத்த ஆய்வு எளிதில் புரியும். குழாய் உள்ளே போகும்போது இடப்பக்கக் குடல் வளைவில் அது சுருண்டு குடலை இழுக்கிறது. பாதை தெரிவதற்காகச் செலுத்தும் காற்று குடலை உப்ப வைக்கிறது. குழாய் அசையாமலும் காற்று செலுத்தப்படாமலும் இருந்தால் வலி வெகுவாகக் குறையும், அசௌகரியம் மட்டும் மிஞ்சும்.

682 நோயாளிகளைக் கொண்டு செய்து 2003இல் வெளியான ஆய்வு இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. பாதிப் பேருக்குப் பரிசோதனை முடிந்த பிறகும் குழாயின் நுனியை மலக்குடலில் அசைக்காமல் மூன்று நிமிடம் வரை விட்டுவைத்தார்கள். அவர்களுக்கு அசௌகரியம் கூடுதல் நேரம் நீடித்தது. ஆனாலும் மொத்த அனுபவத்துக்கு அவர்கள் கொடுத்த வேதனை மதிப்பெண் குறைவாகவே இருந்தது (மற்றவர்களுக்கு 4.9, இவர்களுக்கு 4.4). அடுத்து வந்த ஆண்டுகளில் மறுபரிசோதனைக்கு வந்தவர்களும் இந்தப் பிரிவில் சற்றே அதிகம். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க வேண்டுமானால் நோயாளி திரும்பி வந்தாக வேண்டும்.

அதற்காக எல்லோருக்கும் மூன்று நிமிடம் நீட்டச் சொல்லவில்லை. இன்று பலருக்கு மயக்க மருந்து தரப்படுகிறது. மிடசோலம் போன்ற மருந்து கொடுத்தால் அந்த நேரத்தின் நினைவே சரியாகப் பதிவதில்லை, குழாயின் கடைசி நிமிடங்களை நீட்டிப் பயனில்லை. அவர்களின் நினைவில் நிற்கும் முடிவு, கண்விழித்த பிறகு உள்ள வயிற்று உப்புசம். சாதாரணக் காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்ஸைடு செலுத்தினால் குடல் அதை விரைவில் உறிஞ்சிவிடும், உப்புசம் குறையும். மயக்கம் இல்லாதவர்களுக்கும் முதல் வேலை உச்ச வலியைக் குறைப்பதே. உச்சத்தை அப்படியே விட்டுவிட்டு முடிவை மட்டும் மெருகேற்றுவது சிகிச்சை ஆகாது.

உள்நோயாளிகளுக்கு வீடு திரும்பும் நாளே முடிவு. அங்கே நடப்பதைக் கவனியுங்கள். காலையிலேயே "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுகிறோம். காப்பீட்டு அனுமதி வர மாலை ஆகிறது. கிளம்பும்போது கையில் இருக்கும் ஊசிக்குழாயின் பிளாஸ்திரியை ரோமத்தோடு சேர்த்து அவசரமாகப் பிய்க்கிறோம். நல்ல சிகிச்சை பெற்றவர் நினைவில் எரிச்சலும் காத்திருப்புமே மேலெழுந்து நிற்கும். நரம்பு வழியாகச் செலுத்தும் மருந்து நின்று, இனி தேவையில்லை என்று மருத்துவர் சொன்னதுமே ஊசிக்குழாயை எடுத்துவிடலாம். பிளாஸ்திரியை நனைத்து, தோலை அழுத்திப் பிடித்து, மெல்ல உரிக்க வேண்டும். மாத்திரைகளை உட்கார்ந்து விளக்கும் வேலையைக் கடைசிக்கு வைக்கலாம்.

இன்னொரு சிக்கல் புறநோயாளிப் பிரிவில். "போன வாரம் வலி எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். ஒருவரின் ஏழு நாள் வலி 2, 2, 3, 8, 3, 2, 6 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3.7. உச்சத்தையும் கடைசி நாளையும் வைத்துப் பார்த்தால் 7. அந்த 7ஐ நம்பி மருந்தின் அளவைக் கூட்டினால் ஐந்து நாட்கள் தேவைக்கு மேல் மருந்து போகும். காலை, இரவு இரண்டு வேளை வலி எண்ணை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வலி குறைவான நாட்களும் அதில் தெரியும்.

விடுமுறைப் பயணத்துக்கு இந்த விதி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில்லை. பயணத்தின்போதே 49 பேர் தினமும் குறுஞ்செய்தியில் மகிழ்ச்சியை மதிப்பிட்ட ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. எத்தனை நாள் பயணம் என்பது பிற்கால மதிப்பீட்டைப் பாதிக்கவில்லை. அந்த அளவில் விதி நின்றது. ஆனால் உச்சம், முடிவு இரண்டையும்விட, மிகவும் நினைவில் நின்ற அல்லது மிகவும் வழக்கத்துக்கு மாறான ஒரு நாளே மதிப்பீட்டை நன்றாகக் கணித்தது. பல நாள் நீளும் பயணத்துக்கு "முடிவு" என்று ஒரு தெளிவான கணம் இல்லாததும் காரணமாக இருக்கலாம். எனவே ஐந்து நாளை ஏழாக்கச் செலவிடும் பணத்தில், வழக்கமாகச் செய்யாத ஒன்றை ஒரு நாளில் செய்யலாம்: விடியலில் படகு, காட்டுக்குள் ஒரு நடை.