ஒரு வாய் பொரியலுக்கு ஒரு சாக்லேட்

கடந்த திங்களன்று ஐந்து வயதுப் பையனை அழைத்து வந்த ஒரு தாய், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பூச்சி மருந்து எழுதித் தருமாறு கேட்டார். முந்தைய நாள் மாமா வீட்டுப் பிறந்தநாள் விழாவில் பையன் மூன்று துண்டு கேக்கை விழுங்கி, அடுத்தவர் தட்டில் மிஞ்சியிருந்த கிரீமையும் வழித்துத் தின்றுவிட்டு, திரும்பும் வழியில் காரிலேயே வாந்தி எடுத்திருக்கிறான். "வீட்டில் இனிப்பே கொடுப்பதில்லை டாக்டர், காய் சாப்பிட்டால் மட்டும்தான் கொடுப்பேன்" என்றார். இந்த "மட்டும்தான்" என்ற சொல்லை இந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்ற கணக்கே தவறிவிட்டதால் இதை எழுதுகிறேன். (இனிப்பு தின்பதால் வயிற்றில் பூச்சி வராது, மண்ணிலும் கழுவாத கையிலும் ஒட்டியிருக்கும் முட்டைகளால்தான் வரும்.)

விசாரித்தபோது முழுக் கதையும் வந்தது. ஆரம்பத்தில் தட்டைக் காலி செய்தால் ஒரு பொத்தான் சாக்லேட் என்றிருந்த ஒப்பந்தம், நான்கே மாதங்களில் ஒரு வாய் பீன்ஸ் பொரியலுக்கு ஒன்று என்று இறங்கியிருக்கிறது. இப்போது கரண்டியைக் கண்டதும் பையன், வாயைத் திறப்பதற்கு முன், "எத்தனை?" என்று கேட்கிறானாம்.

இப்படிக் கொடுத்தால் நாளடைவில் காய் பழகிவிடும் என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்கிறது. பழகாது. கூலி கொடுத்துத் தின்னவைக்க வேண்டிய பொருள் நல்லதாக இருக்க முடியாது என்றும், கூலியாகக் கிடைப்பதே உயர்ந்தது என்றும் குழந்தை சரியாகவே கணக்குப் போடுகிறது. அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் 1980களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்: ஒரு புதிய பானத்தைப் பரிசுக்காகக் குடித்த குழந்தைகளுக்கு அதன்மேல் இருந்த விருப்பம் குறைந்தது, அவருடைய இன்னொரு சோதனையில் பரிசாகக் கொடுக்கப்பட்ட தின்பண்டத்தின்மேல் விருப்பம் கூடியது. பின்னர் 1999இல் வெளியான ஆய்வில், கண்ணாடி ஜாடிக்குள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து, குறிப்பிட்ட நேரம்வரை தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட பண்டத்தைப் பற்றியே குழந்தைகள் பேசினார்கள், அதையே கேட்டார்கள். நம் வீடுகளில் அந்த ஜாடி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. விலையும் தடையும் இல்லாத ஒரே இடம் விழா என்பதால், பையன் அங்கே பதுக்கல்காரனைப் போல நடந்துகொண்டதில் எனக்கு வியப்பில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் சொன்னது இதுதான். பேரத்தை இன்றோடு நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், சாதமும் பொரியலும் வைக்கும் அதே தட்டில் சிறிய ஜாமூன் ஒன்றையோ இரண்டு கரண்டி கேசரியையோ சேர்த்தே வையுங்கள். முதலில் அதைத் தின்றால் தின்னட்டும். இன்னொன்று கேட்டால், "இன்றைக்கு இவ்வளவுதான், இன்னொரு நாள் வரும்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பொரியலைப் பற்றி வாயே திறக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்கள் இனிப்பு மட்டும் காலியாகும், பாட்டிமார் என்னைத் திட்டுவார்கள்; பொறுத்துக்கொள்ளுங்கள். இதே வழியில் போன வேறொரு வீட்டில், ஆறாவது வாரம் மகள் பாதி ஜாமூனைத் தட்டிலேயே விட்டுவிட்டு விளையாட ஓடியதை அவள் தந்தை படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.

விழாவுக்குப் பசியோடு அழைத்துப் போகாதீர்கள். கிளம்பும் முன் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். வாசலில் நின்று சட்டம் பேசாதீர்கள். கேக்கை உட்கார்ந்து தின்னச் சொல்லுங்கள், எண்ணாதீர்கள், பிறகு தண்ணீர் கொடுங்கள். சர்க்கரை ஏறித்தான் ஆட்டம் போடுகிறான் என்பவர்களுக்கு ஒரு செய்தி: 1994இல் நடந்த ஓர் ஆய்வில், சர்க்கரையே இல்லாத பானத்தைக் குடித்த பிள்ளைகளை, சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சொல்லப்பட்ட தாய்மார்கள் அதிகத் துறுதுறுப்பாக இருப்பதாக மதிப்பிட்டார்கள். இருபது குழந்தைகளும் பலூனும் பாட்டும் இருந்தால் யாராக இருந்தாலும் ஆடுவார்கள்.

விழாவில் கிடைத்த மிட்டாய்ப் பையை நாள் முழுவதும் ஒவ்வொன்றாகக் கொடுப்பது சிக்கனம் அல்ல, பல்லுக்குக் கேடு. ஒவ்வொரு முறையும் வாயில் ஏறும் அமிலம் அடங்க ஏறக்குறைய அரைமணி நேரமாகும் என்பதால், சாப்பாட்டோடு ஒரே தடவையில் முடிப்பதே மேல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சேர்த்த சர்க்கரை வேண்டாம். நான்கு வயதுக்குள் கெட்டி மிட்டாயே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு மேற்சொன்ன எதையும் அதன் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

ஊசி போட்டதும் நீட்டுவதற்கென்று என் மேசையிலும் பத்தாண்டுகள் ஒரு டாஃபி ஜாடி இருந்தது. இப்போது அதில் ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. பழைய நோயாளிகள் இருவர் இன்னமும் வந்ததும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை முறைக்கிறார்கள்.