பேட்ச் நார்மலைசேஷன்: நான்கு எண்களில் ஒரு கணக்கு

நியூரல் நெட்வொர்க்கின் நடு அடுக்கில் உள்ள ஒரே ஒரு நியூரானை எடுத்துக்கொள்வோம். பயிற்சியின்போது நான்கு படங்களை ஒரு பேட்ச்சாக உள்ளே அனுப்புகிறோம். அந்த நியூரான் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் தருகிறது: 2, 4, 6, 8. பயிற்சியை வேகமாக்கும் உத்தியான பேட்ச் நார்மலைசேஷன் கையாள்வது இந்த நான்கு எண்களைத்தான். ஒரு படத்துக்குள் இருக்கும் எல்லா எண்களையும் அது சமன் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு நியூரான் பேட்ச் முழுவதற்கும் தந்த எண்களே ஒரு தொகுதி. பக்கத்து நியூரானுக்கு அதன் சொந்தக் கணக்கு தனியாக நடக்கும்.

நான்கு எண்களின் சராசரி 5, மாறுபாடும் 5. அதன் வர்க்கமூலமான திட்டவிலக்கம் ஏறத்தாழ 2.24. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 5-ஐக் கழித்து 2.24-ஆல் வகுத்தால் −1.34, −0.45, 0.45, 1.34 கிடைக்கும். இப்போது சராசரி 0, திட்டவிலக்கம் 1. வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடாமல் இருக்க, மாறுபாட்டோடு 0.00001 போன்ற ஒரு துளியைச் சேர்ப்பது வழக்கம். கடைசியில் காமா என்ற எண்ணால் பெருக்கி, பீட்டா என்ற எண்ணைக் கூட்டுகிறோம். இவை இரண்டும் நியூரானுக்கு நியூரான் தனித்தனியாகக் கற்கப்படுபவை. 0, 1 என்ற அளவு அடுத்த அடுக்குக்கு ஒத்துவராவிட்டால், நெட்வொர்க் தனக்கு வேண்டிய அளவைத் தானே அமைத்துக்கொள்ளும்.

இனி, இந்த நியூரானின் எடைகள் எல்லாம் இரு மடங்காகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். எண்கள் 4, 8, 12, 16 ஆகும். சராசரி 10, திட்டவிலக்கம் 4.47. கணக்கை முடித்தால் கிடைப்பது அதே −1.34, −0.45, 0.45, 1.34. பயிற்சி வேகமாவதன் சூட்சுமம் பெருமளவு இங்கேதான் இருக்கிறது. எடைகள் எவ்வளவு பெருத்தாலும் அடுத்த அடுக்குக்குப் போகும் எண்கள் பெருப்பதில்லை. சாதாரண நெட்வொர்க்கில் ஓர் அடுக்கு சற்றுப் பெருக்கினால், அடுத்தடுத்த அடுக்குகள் அதை மேலும் பெருக்கி, இருபதாவது அடுக்கில் எண்கள் வெடித்துவிடக்கூடும்.

பிழையைப் பார்த்து எடைகளைத் திருத்தும் பின்னோக்கிய கணக்கிலும் இது உதவுகிறது. எடைகள் இரு மடங்கானால், அவற்றை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்துவது என்று சொல்லும் சாய்வு பாதியாகக் குறையும். கற்றல் வீதத்தைத் துணிந்து கூட்டி வைத்ததால் எடைகள் தாறுமாறாக வளர்ந்தாலும், வளர வளர அடுத்த நகர்வு சிறுத்துப்போகும். பிரேக் தானாகவே விழுகிறது. 2015-இல் இம்முறையை வெளியிட்ட செர்கேய் யோஃபே, கிறிஸ்டியன் செகெடி இருவரும், படங்களை வகைப்படுத்தும் ஒரு நெட்வொர்க் அதே துல்லியத்தை 14 மடங்கு குறைவான படிகளில் எட்டியதாகக் காட்டினார்கள்.

ஆனால் அவர்கள் சொன்ன காரணம் வேறு. முந்தைய அடுக்குகள் மாற மாற அடுத்த அடுக்குக்கு வரும் எண்களின் பரவலும் நகர்கிறது, அந்த நகர்வைத் தடுப்பதே பயன் என்றார்கள். 2018-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், நார்மலைஸ் செய்த பிறகு வேண்டுமென்றே மாறிக்கொண்டே இருக்கும் இரைச்சலைச் சேர்த்து அந்தப் பரவலைக் குலைத்துப் பார்த்தார்கள். அப்போதும் பயிற்சி கிட்டத்தட்ட அதே வேகத்தில் நடந்தது. பிழையின் மேடுபள்ளங்கள் மழுங்கி, சாய்வு காட்டும் திசையை நம்பி நீளமாக அடியெடுத்து வைக்க முடிகிறது என்பது அவர்கள் விளக்கம். மேலே பார்த்த கணக்கோடு இதுவே நன்றாகப் பொருந்துகிறது.

எல்லா எண்களோடும் 10-ஐக் கூட்டினாலும் விடை மாறாது, சராசரியைக் கழிக்கும்போது அது போய்விடும். அதனால் முந்தைய அடுக்கு எல்லா எண்களோடும் கூட்டும் பயாஸ் வீண். பைடார்ச் நூலகத்தில் அதை அணைத்துவிடுவார்கள்:

```
nn.Conv2d(64, 128, 3, padding=1, bias=False)
nn.BatchNorm2d(128)
```

பயிற்சி முடிந்து ஒரே ஒரு படத்தைக் கொடுக்கும்போது சராசரிக்கு எங்கே போவது? அதற்காகப் பயிற்சியின்போதே ஓடும் சராசரி ஒன்று சேமிக்கப்படுகிறது. பைடார்ச்சின் இயல்பு அமைப்பில் பழையதில் 0.9 பங்கு, புதியதில் 0.1 பங்கு. `model.eval()` என்று எழுதினால்தான் அது பயன்பாட்டுக்கு வரும். மறந்தால் எப்படித் தெரியும்? ஒரே படத்தை வெவ்வேறு துணைப் படங்களோடு அனுப்பிப் பாருங்கள். விடை மாறினால் அந்த வரியைக் காணோம் என்று பொருள்.

பேட்ச் மிகச் சிறிதானால் முறையே தடுமாறும். இரண்டே எண்கள் என்றால், அவை 3, 3.1 ஆனாலும் 3, 300 ஆனாலும் விடை −1, 1 தான். எது எவ்வளவு பெரியது என்ற தகவல் முழுக்கத் தொலைந்துவிடும். ஒரே எண் என்றால் விடை 0, உள்ளே எது போனாலும் வெளியே வருவது பீட்டா மட்டுமே. கன்வலூஷன் அடுக்குகளில் ஒரு சேனலின் எல்லாப் புள்ளிகளும் கணக்கில் சேர்வதால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஒரே படத்தின் புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் இரண்டு படங்களின் சராசரி நம்பகமானதல்ல. பெரிய படங்களால் நினைவகம் நிரம்பி பேட்ச் 2-க்கு இறங்கும் வேலைகளில், ஒவ்வொரு படத்துக்குள்ளேயே சேனல்களைக் குழுக்களாகப் பிரித்துச் சமன் செய்யும் குரூப் நார்மலைசேஷனுக்கு மாறுவது அதனால்தான்.