கரையோரக் கட்டங்களின் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துக் குளங்களுக்கு நேரான கரை கிடையாது. அணைக்கட்டுப் பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும். மற்றப் பக்கமெல்லாம் தண்ணீர் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப வளைந்து நெளிந்து கிடக்கும். இப்படிப்பட்ட குளத்தின் பரப்பளவைப் படத்திலிருந்து எடுக்க, பள்ளிக்கூடத்தில் படித்த கட்டம் எண்ணும் முறையே போதும். அது எவ்வளவு துல்லியமானது, எங்கே ஏமாற்றும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தில் 2 சென்ரிமீற்றர் என்பது தரையில் 1 கிலோமீற்றர். அப்படியானால் 2 மில்லிமீற்றர் என்பது 100 மீற்றர். அந்த அளவில் ஒரு சதுரம் போட்டால் அது சரியாக 1 ஹெக்டேயர், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எண்ணிய கட்டங்களே ஹெக்டேயராகிவிடும் என்பதால், இந்த அளவு எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் கொஞ்சம் பெரிய கட்டத்தோடு தொடங்குவோம். குளத்தின் கரையை ட்ரேசிங் தாளில் கூர்மையான பென்சிலால் எடுத்து, 5 மில்லிமீற்றர் கட்டத் தாளின் மேல் வைக்கிறோம். ஒரு கட்டம் தரையில் 250 மீற்றருக்கு 250 மீற்றர், அதாவது 6.25 ஹெக்டேயர். முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் கட்டங்கள் 50, கரை வெட்டிச் செல்லும் கட்டங்கள் 60 என்று வைத்துக்கொள்வோம். கரைக் கட்டங்களை அடியோடு விட்டால் 312.5 ஹெக்டேயர், எல்லாவற்றையும் சேர்த்தால் 687.5. உண்மையான பரப்பு இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கரைக் கட்டங்களைப் பாதி பாதியாக எடுத்தால் 50-உம் 30-உம் சேர்ந்து 80 கட்டம், 500 ஹெக்டேயர்.

இடைவெளி பெரிதாகத் தெரிந்தாலும், நடுவில் வந்த 500 அவ்வளவு மோசமான விடையல்ல. ஒரு கரைக் கட்டத்தில் தண்ணீர் கால்வாசியாக இருக்கும், இன்னொன்றில் முக்கால்வாசியாக இருக்கும். அறுபது கட்டங்களில் கூடுதலும் குறைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அதே குளத்தை 2 மில்லிமீற்றர் கட்டத்தில் எண்ணி, முழுக்கட்டம் 417, கரைக் கட்டம் 150 வந்தால், விடை 492 ஹெக்டேயர். கட்டம் சிறிதாகும்போது கரைக் கட்டங்களின் எண்ணிக்கை கூடினாலும் அவை மூடும் மொத்த நிலம் 375 ஹெக்டேயரிலிருந்து 150 ஆகச் சுருங்கிவிட்டது. தாளைச் சற்று நகர்த்தி, அப்புறம் கொஞ்சம் சரித்து வைத்து எண்ணினால், விடை எவ்வளவு ஆடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் இந்த ஈடுசெய்தல் நடக்காத இடம் ஒன்று உண்டு: ஒடுங்கிய நீர்க் கை. குளத்துக்குள் வந்து சேரும் ஓடையோ, வாவியின் ஒரு கிளையோ 2 கிலோமீற்றர் நீளமும் 50 மீற்றர் அகலமும் என்று எடுத்தால், அதன் பரப்பு 10 ஹெக்டேயர். 250 மீற்றர் கட்டங்கள் எட்டில் அது நேராகப் போகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர். ‘பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, குறைந்தால் விடு’ என்ற விதிப்படி அந்தக் கை முழுவதும் காணாமல் போகிறது. ‘கரைக் கட்டம் எல்லாம் அரை’ என்ற விதிப்படி அதே கை 25 ஹெக்டேயர் ஆகிறது. இங்கே எல்லாக் கட்டங்களும் ஒரே பக்கமாகப் பிழைப்பதால் எதுவும் ஈடாகாது.

ஆகவே இரண்டு விதிகளாலும் எண்ணிப் பாருங்கள். விடைகள் நெருங்கி வந்தால் பெரும்பாலும் கட்டம் போதும். விலகிப்போனால் கட்டம் பெரிது. மட்டக்களப்பு வாவி போல நீண்டு, இடையிடையே ஒடுங்கும் நீர்நிலைக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். ஒடுங்கிய பகுதிகளை மட்டும் பிரித்து, நீளத்தைச் சராசரி அகலத்தால் பெருக்கிச் சேர்ப்பது இன்னும் நல்லது. புளியந்தீவு போல உள்ளே இருக்கும் தீவுகளையும் அதே கட்டத்தால் எண்ணிக் கழிக்க வேண்டும்.

படத்தின் நீலக் கோடு ஒரு குறிப்பிட்ட நீர்மட்டத்துக்கு உரியது. மாரி மழையில் நிரம்பிய குளமும் ஆவணியில் வற்றிக் கிடக்கும் குளமும் ஒரே பரப்பல்ல. கட்டத்தை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்த வித்தியாசம் மறையாது.

இன்னொன்று, போட்டோகொப்பி. A4 தாளை A3 ஆகப் பெருப்பித்தால் நீளம் 1.41 மடங்காகிறது, பரப்பு இரண்டு மடங்காகிறது. ஓரத்தில் 1:50,000 என்று அச்சிட்டிருப்பது மட்டும் மாறாது. ஆகவே எண்ணத் தொடங்கும் முன், படத்திலுள்ள ஒரு கிலோமீற்றர்க் கட்டத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். 2 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 2.8 வந்தால், உங்கள் 2 மில்லிமீற்றர்க் கட்டம் தரையில் சுமார் 71 மீற்றர்தான். அதை ஒரு ஹெக்டேயர் என்று எடுக்காமல் அரை ஹெக்டேயர் என்று எடுத்துக் கணக்கிட வேண்டும்.