நீரில் ஊறிய விரலைச் சுருக்குவது நரம்பு

நெடுநேரம் துணி துவைத்தால் விரல் நுனிகள் சுருங்கிப்போகின்றன. தோல் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடுகிறது, இடம் போதாமல் மடிகிறது என்பதுதான் பலருக்கும் தெரிந்த விளக்கம். அது உண்மையானால் எல்லா விரல்களும் ஒன்றுபோலச் சுருங்க வேண்டும். ஆனால் கையின் மீடியன் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு, அந்த நரம்பு போய்ச் சேரும் விரல்கள் மட்டும் நீரில் சுருங்குவதில்லை. தாமஸ் லூயிஸ், ஜார்ஜ் பிக்கரிங் என்ற மருத்துவர்கள் 1936-லேயே இதைப் பதிவு செய்தார்கள். அதே கை, அதே தண்ணீர். சுண்டுவிரல் சுருங்குகிறது, ஆள்காட்டி விரல் வழவழப்பாகவே இருக்கிறது.

நடப்பது இதுதான். வியர்வைத் துளைகள் வழியே நீர் உள்ளே புகும்போது, அங்குள்ள நரம்பு நுனிகளைச் சுற்றி உப்பின் அளவு மாறுகிறது. அதனால் தூண்டப்படும் தானியங்கி நரம்புகள் விரல் நுனியின் சிறு இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. இரத்தம் குறைந்ததும் உள்ளே இருக்கும் சதையின் பருமன் குறைகிறது. மேல்தோலோ அதே அளவில் இருக்கிறது. கீழே இழுத்துக் கட்டப்பட்ட இடங்களில் அது பள்ளமாகிறது, மற்ற இடங்களில் மேடாக நிற்கிறது. ஆக, விரல் ஊதவில்லை, உள்ளிருந்து வற்றியிருக்கிறது. சுருங்கிய நுனி வெளிறித் தெரிவதும் இதனால்தான். சிங்கப்பூரில் வைல்டர்-ஸ்மித் குழுவினர் அளந்து பார்த்தபோது, ஊறிய விரல்களில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது.

மருத்துவத்தில் இது நல்ல சோதனையாகவும் ஆயிற்று. கையை 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தால் போதும். "இங்கே தொட்டால் தெரிகிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத குழந்தைக்கும் இதைச் செய்யலாம். ஒரு விரல் மட்டும் சுருங்காவிட்டால் அதன் நரம்பைச் சந்தேகிக்கலாம். ஆனால் தானியங்கி நரம்பு இழைகளைப் பற்றித்தான் இது சொல்லும். சுருக்கம் திரும்பியது என்பதற்காகத் தொடு உணர்வும் முழுதாகத் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, உடல் ஏன் இதைச் செய்கிறது? டயரின் பள்ளங்களைப் போல நீரை வடித்துப் பிடியைக் கூட்டத்தான் என்று 2011-இல் மார்க் சாங்கிசி குழுவினர் முன்வைத்தார்கள். 2013-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் வேறொரு குழுவினர் 20 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். சுருங்கிய விரல்கள் நீரில் கிடந்த கோலிகளையும் தூண்டில் ஈயக் குண்டுகளையும் சுமார் 12 சதவீதம் வேகமாக இடம் மாற்றின. உலர்ந்தவற்றில் வித்தியாசமே இல்லை. மறு ஆண்டே பெர்லினில் 40 பேரிடம் செய்த ஆய்வில் இந்தப் பலன் தென்படவில்லை. 2021-இல் வெளியான ஆய்வில், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த சுமார் 500 பேரிடம் நிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் வேகத்தை விட்டுவிட்டு, ஒரு பொருளைப் பிடிக்கத் தேவைப்படும் விசையை அளந்தார். வெறுமனே நனைந்த விரல்களைவிடச் சுருங்கிய விரல்களுக்குக் குறைந்த விசையே போதுமாயிருந்தது.

பிடிக்கு உதவுகிறது என்பதை இந்த அளவீடு எனக்கு நம்பும்படி காட்டுகிறது. அதற்காகவே இந்தச் சுருக்கம் பரிணமித்தது என்பதற்கு இது போதாது. அப்புறம், அவ்வளவு நல்லதென்றால் விரல் ஏன் எப்போதும் சுருங்கியே இருக்கவில்லை? தொடு உணர்வின் நுட்பம் கெட்டுவிடும் என்பது ஒரு பதிலாக இருந்தது. ஆனால் பெர்லின் ஆய்வில் சுருங்கிய விரல்களின் தொடு நுட்பம் குறையவில்லை.